வழக்கமான பாதை

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை அந்தோணிதாஸ் தன் புல்லட்டை மார்கரெட்டின் ஜெராக்ஸ் கடை வாசலில், யாரும் உள்ளே வர முடியாதபடி குறுக்கே நிறுத்தினார். மடித்த தாள் ஒன்றை மேசைமேல் போட்டார்.

"தேதிய மட்டும் மாத்தி அடிச்சிக் குடும்மா. சட்டுனு."

பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே மார்கரெட்டுக்கு இல்லை. நரிக்கேணி செபஸ்தியார் கோயில் திருவிழாவின் தேர்பவனிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி கேட்கும் கடிதம் அது. பதினொரு வருஷமாக ஒரே கடிதம். அரைப் பக்கம். 'வழக்கமான பாதையில், வழக்கமான நேரத்தில், வழக்கம்போல் தேர்பவனி நடத்த அனுமதி வழங்கி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தக்க பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்.' கீழே விழாக்குழுத் தலைவர் என்று அந்தோணிதாஸின் கையெழுத்து, தாளில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு.

காவல் நிலையத்துக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து இருபது வருஷமாக ஊராரின் மனுக்களை அடித்துக்கொடுப்பவள் மார்கரெட். பட்டா மாற்றம், காணாமல் போன செல்போன், வேலித் தகராறு எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போக வேண்டும். மனுவில் மனிதர்கள் எப்படிப் பொய் சொல்வார்கள், எந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. 'வழக்கமான' என்பது அப்படி ஒளிந்துகொள்ள வாகான வார்த்தை.

"வழக்கமான பாதைன்னா எது மாமா?" என்றாள்.

"இன்னா கேள்வி இது? ஏரிக்கர வழிதான்."

"அதுல எழுதல."

"எழுதினா இன்னா, எழுதாட்டி இன்னா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினொரு வருஷத்துக்கு முன்பு வரை தேர் கடைவீதி வழியாகத்தான் போனது. ஒரு வருஷம் அரிசி ஆலை முன்னால் மேளம் அடித்ததில் வாய்த்தகராறு வந்தது. ஆலைக்காரர் அறிவுச்செல்வன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து கத்தினார். அன்றைக்கே விழாக்குழு, எழுத்தில் ஒரு வரிகூட இல்லாமல், 'இனிமே நாங்க ஏரிக்கர வழியா போய்க்கிறோம்' என்று தலையை ஆட்டிவிட்டு வந்தது. ஆட்டிய தலைகளில் பெரியது அந்தோணிதாஸின் தலை. ஊர் ஒற்றுமைக்காக விட்டுக்கொடுத்ததாக அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

ஏரிக்கரை என்பது பத்தடி அகல மண்மேடு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கழனிப் பள்ளம். போன ஜனவரியில், மழையில் கரைந்திருந்த இடத்தில் தேரின் இடது பின்சக்கரம் இறங்கியது. தேர் சாய்ந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்த மார்ட்டினின் தொடைமேல் அதன் அச்சு உட்கார்ந்தது. மார்ட்டின் மார்கரெட்டின் கணவன். இப்போது தொடைக்குள் கம்பி. கையில் தடி. வெல்டிங் வேலைக்கு இனி ஏணி ஏற முடியாது.

"ஏரிக்கர வழின்னு நான் அடிக்க மாட்டன் மாமா," என்றாள் மார்கரெட்.

அந்தோணிதாஸ் சிரித்தார். அவர் சிரிப்பு எப்போதும் மூக்கிலிருந்து வரும். "அப்ப வானத்து வழியா எட்துக்கினு போவலாமா?"

"கடவீதி வழியா."

சிரிப்பு நின்றது. "சும்மா இரும்மா. ஆம்பளைங்க பேசி முடிச்ச சமாச்சாரம்."

"முடிச்சது தெரியுது. தெனமும் வூட்ல பாத்துக்கினுதான இருக்கன்."

அவர் தாளை எடுத்துக்கொள்ளாமலே போனார். அவரிடம் அதன் ஜெராக்ஸ் இன்னும் நாலு இருந்தது என்று மார்கரெட்டுக்கு அப்போது தெரியாது.

அன்று மாலை கடையைச் சாத்தியதும் நூறடி டேப்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினாள். டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க மார்ட்டின் வந்தான். தடியை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்றான். மேலே தாழத் தொங்கிய மின்கம்பிகளை மார்கரெட் அண்ணாந்து பார்த்தாள்.

"இத்தெல்லாம் அளந்து இன்னா ஆவப்போவுது?" என்றான்.

"தேரு ஒயரம் எவ்ளோ?"

"பதினெட்டடி. நாந்தான பத்த வச்சன்."

"உச்சி கிரீடத்த எடுத்தா?"

மார்ட்டின் யோசித்தான். "பதினஞ்சு. ஆனா அது அந்தோணிதாஸு அவுங்கப்பன் பேர்ல குடுத்த கிரீடம்."

"தேரு செபஸ்தியாருக்கா, அவங்கப்பனுக்கா?"

மார்ட்டின் விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தான்.

மூன்று நாள் உட்கார்ந்து அடித்தாள். மூன்று பக்கம் வந்தது. அனுப்புநர் பங்குத்தந்தை. பெறுநர் காவல் ஆய்வாளர். நகல் துணைக் காவல் கண்காணிப்பாளருக்கும் வட்டாட்சியருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும். அவள் அடித்ததில் ஒரு பகுதி இப்படி இருந்தது:

'பாதை: கோயில் வாசலில் புறப்பட்டு மேட்டுத் தெரு (240 மீட்டர்), கடைவீதி (410 மீட்டர்), பேருந்து நிறுத்தம், சர்ச்சுத் தெரு (380 மீட்டர்) வழியாக மீண்டும் கோயில். நேரம்: 19.01 மாலை 6.00 மணிக்குப் புறப்பாடு, 6.35 கடைவீதி நுழைவு, 7.10 பேருந்து நிறுத்தம், 7.45 கோயில். கலந்துகொள்வோர் சுமார் அறுநூறு பேர். தேரின் உயரம் பதினைந்து அடி, அகலம் ஏழடி. பெட்டி ஒலிபெருக்கி இரண்டு மட்டும். கூம்பு ஒலிபெருக்கியும் பட்டாசும் இல்லை. தேர் கடக்கும் வரை கடைவீதியில் மின் இணைப்பைத் துண்டிக்கத் தனியே விண்ணப்பிக்கப்பட்டுள்ளது. கரும்பு டிராக்டர்களை மாலை 6.00 முதல் 7.30 வரை ஊர் எல்லையில் நிறுத்திவைக்க வேண்டுகிறோம். கைப்பட்டை அணிந்த தொண்டர்கள் நாற்பது பேரின் பெயரும் செல்போன் எண்ணும் இணைப்பில்.'

பங்குச் சாமியார் ஊருக்கு வந்து ஆறு மாதம்தான். கிறிஸ்துமஸ் குடில் வேலையில் மும்முரமாக இருந்தார். மூன்று பக்கத்தையும் புரட்டிப் பார்த்து, "நல்லா நீட்டா இருக்கும்மா" என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். படித்திருந்தால் குத்தியிருப்பாரா என்பது சந்தேகம்தான். சில நல்ல காரியங்கள் படிக்காமல் போட்ட கையெழுத்தால்தான் நடக்கின்றன.

அதோடு அவள் நிற்கவில்லை. ஏரியைப் பராமரிக்கும் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டாள். ஏரிக்கரையில் ஐந்து டன் தேரையும் அறுநூறு பேரையும் கொண்டுபோகலாமா என்று ஒரே கேள்வி. பதிலுக்கு நான்கு தடவை சின்னசேலம் பஸ் ஏறினாள். முதல் தடவை அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். இரண்டாம் தடவை சாப்பாட்டில். மூன்றாம் தடவை அலுவலகத்திலேயே இருந்தார், ஆனால் மனு இல்லை. நான்காம் தடவை, பொங்கலுக்கு முந்தைய வாரம், கடிதம் கைக்கு வந்தது. வடகிழக்குப் பருவமழையில் கரை நாற்பது மீட்டர் நீளத்துக்கு அரிக்கப்பட்டுள்ளது. சீரமைக்கும் வரை கனமான ஊர்திகளை அனுமதிக்க இயலாது. இரண்டே வரி. எழுதிய உதவிப் பொறியாளருக்குத் தேரைப் பற்றிக் கவலை இல்லை. தன் தலை தப்ப வேண்டும் என்ற கவலை. மார்கரெட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. நகல் ஒன்றை வட்டாட்சியர் அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வந்தாள்.

டிசம்பரில் காவல் நிலையத்தில் அந்த மூன்று பக்க மனுவை வாங்கியபோதே எழுத்தர் ஏட்டு சொல்லியிருந்தார், "இன்னாம்மா இது, மனுவா, வூட்டுப் பத்திரமா?" ஆய்வாளர் பிரவீன்குமார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். 'கடைவீதி' என்ற இடத்தில் நின்றார்.

"புதுப் பாதைக்கெல்லாம் அனுமதி கெடையாதும்மா. வழக்கமான பாதைதான்."

"பழைய பாதை சார் இது. பதினொரு வருஷத்துக்கு முன்னாடி—"

"ஃபைல்ல அஞ்சு வருஷம்தான் இருக்கு. அஞ்சு வருஷமா 'வழக்கமான பாதை'ன்னுதான் இருக்கு."

"அது எந்தப் பாதைன்னு இருக்குதா சார்?"

ஆய்வாளர் ஃபைலைப் புரட்டினார். இல்லை. மூடினார். "அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"அப்ப மறுக்கறீங்கன்னா காரணத்தோட எழுத்துல குடுங்க சார். வாங்கிக்கினு போறன்."

அதைக் கேட்டதும் அவர் முகம், பல் வலி வந்தவன் முகம்போல ஆயிற்று. அதிகாரிகளிடம் எதைக் கேட்டாலும் கொடுப்பார்கள், எழுத்தைத் தவிர. "பாக்கலாம், போங்க," என்றார்.

அவர் பார்த்தது வேறு விதமாக. இரண்டு நாளில் இன்னொரு மனு அவர் மேசைக்கு வந்தது. அந்தோணிதாஸ் தன் ஜெராக்ஸில் ஒன்றை எடுத்துத் தேதியைப் பேனாவால் திருத்தி, எந்தப் பாதை என்று கேட்டுவிடப் போகிறார்களே என்று 'ஏரிக்கரை வழியாக' என்று ஓரத்தில் செருகி, கொடுத்துவிட்டிருந்தார். கூடவே அறிவுச்செல்வனும் ஒரு ஆட்சேபணை கொடுத்தார். கடைவீதி வழியாகத் தேர் வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று. ஒரே கோயில், ஒரே தேர், இரண்டு பாதை, ஒரு ஆட்சேபணை. ஆய்வாளர் மூன்றையும் ஒன்றாக நூல் கட்டி வட்டாட்சியருக்கு அனுப்பினார். அமைதிப் பேச்சுவார்த்தை என்று எல்லாருக்கும் தாலுகா ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது.

ஜனவரி பத்தாம் தேதி பிற்பகல் மூன்று மணி. வட்டாட்சியர் விஜயலட்சுமிக்கு நாலு மணிக்கு கலெக்டருடன் வீடியோ மீட்டிங். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அறிவுச்செல்வன், வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் பக்கத்திலேயே அந்தோணிதாஸ். மார்கரெட்டின் பக்கத்தில் உட்கார வேண்டியவர், நாற்காலி கிடைத்த இடத்தில் உட்கார்ந்ததுபோல அங்கே உட்கார்ந்திருந்தார். பங்குச் சாமியார் நடுவில், யார் பக்கமும் சாயாமல், தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குச் சாமி மேல ஒண்ணும் இல்லீங்க மேடம்," என்றார் அறிவுச்செல்வன். "எல்லாச் சாமியும் ஒண்ணுதான். ஆனா கடவீதின்னா ஒரு மொற இருக்குதுங்க. யார் யார் எதெது வழியா போறதுன்னு."

அவர் சொல்லாமல் விட்ட வார்த்தை எது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் கொண்டுவந்த பியூனுக்கும் தெரியும்.

"ஏரிக்கர வழியில எந்தப் பிரச்சனையும் வந்ததில்ல மேடம்," என்றார் அந்தோணிதாஸ். "போன வருஷம்கூட ஸ்டேஷனுக்கு நன்றிக் கடிதாசி குடுத்தோம்."

ஆய்வாளர் அதை எடுத்து உரக்கப் படித்தார். "'தேர்பவனி எவ்வித அசம்பாவிதமும் இன்றி இனிதே நடைபெற்றது. தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி.'"

"அத்த அடிச்சதே இந்தம்மாதான் மேடம்," என்றார் அந்தோணிதாஸ். "கேளுங்க."

எல்லாரும் மார்கரெட்டைப் பார்த்தார்கள். இப்படி ஒன்று வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இருபது வருஷமாக மற்றவர்களின் பொய்யைப் பார்த்துப் பார்த்து உதட்டைச் சுழித்தவள், தன் பொய்யை ஒரு போலீஸ்காரர் சத்தமாகப் படிப்பதை அன்றுதான் கேட்டாள்.

"ஆமா மேடம்," என்றாள். "நான்தான் அடிச்சன். அது பொய்."

ஆய்வாளர் கடிதத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"தேரு சாஞ்சு எங்க வூட்டுக்காரர் தொட ஒடஞ்சுது. அவர ஆஸ்பத்திரில படுக்க வச்சிட்டு வந்துதான் அத்த அடிச்சன். உண்மைய எழுதினா அடுத்த வருஷம் தேரே ஓடாது, ஊருக்குப் பொல்லாப்பு, நீ ஒருத்திதான் காரணம்னு இவர் சொன்னாரு. ஆஸ்பத்திரில கேட்டா, வூட்டு மாடிப்படில வழுக்கி வுழுந்தாருன்னு சொல்லச் சொன்னாரு. அதையும் சொன்னோம்." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இந்த வருஷம் அடிக்க மாட்டன்."

அந்தோணிதாஸ் நாற்காலியில் நெளிந்தார். "நான் எப்ப அப்பிடி சொன்னன்? இந்தம்மா ஒண்ணு ஒண்ணா சேத்துக்கினு—"

வட்டாட்சியர் கையை உயர்த்தினார். நீர்வளத் துறைக் கடிதத்தை எடுத்து ஆய்வாளர் பக்கம் தள்ளினார். "இன்ஸ்பெக்டர், இது ஃபைல்ல இருக்கு. இது இருக்கும்போது ஏரிக்கரைக்கு நீங்க அனுமதி குடுக்கிறீங்களா?"

ஆய்வாளர் கடிதத்தைப் படித்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். அந்த இரண்டு வரி வருவதற்கு முன்பு ஏரிக்கரை வழக்கமான பாதை. வந்த பிறகு அது, நாளை யாராவது செத்தால் தன் பெயர் எழுதப்படும் பாதை. "இல்லீங்க மேடம். ரிஸ்க்."

"சார், உங்ககிட்ட நேத்து பேசினப்ப—" என்று ஆரம்பித்த அறிவுச்செல்வனை ஆய்வாளர் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே செத்தது.

வட்டாட்சியர் அவர் பக்கம் திரும்பினார். "சட்டம் ஒழுங்கு கெடும்னு எழுதியிருக்கீங்க. யாரு கெடுப்பாங்க?"

"ஜனங்கதாங்க."

"எந்த ஜனங்க? பேர் சொல்லுங்க. இன்ஸ்பெக்டர் இப்பவே கூப்பிட்டு ஜாமீன் பத்திரம் எழுதி வாங்கட்டும்."

"அது... பொதுவா சொன்னங்க."

"நீங்க கெடுப்பீங்களா?"

"ஐயோ, நான் ஏங்க? நான் எல்லாருக்கும் வேண்டியவன்."

"அப்ப, 'என் தரப்பில் யாரும் இடையூறு செய்ய மாட்டார்கள்'னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்ல, 'செய்வார்கள்'னு எழுதிப் போடுங்க. ரெண்டுல ஒண்ணு."

சட்டைப்பையில் மூன்று பேனா இருந்தும், அவருக்கு எழுத வட்டாட்சியர் தன் பேனாவைக் கொடுக்க வேண்டியிருந்தது. பதினொரு வருஷமாக ஒரு ஊரையே ஏரிக்கரையில் நடக்கவைத்த மனிதரின் வீரம் அவ்வளவுதான். வாயில் இருக்கும்வரை மலை. தாளில் இறங்கச் சொன்னால் மண்ணாங்கட்டி.

மார்கரெட் வட்டாட்சியரைத் தெய்வமாக நினைக்கத் தொடங்கிய நேரத்தில் அவர் கடிகாரத்தைப் பார்த்து, "மூணே முக்கால். நிபந்தனைகளைச் சொல்லுங்க, முடிச்சிடலாம்," என்றார். நியாயத்துக்கு வந்த அவசரம் எது என்று விளங்கியது.

நிபந்தனைகள் பதினான்கு. கடைவீதியில் எங்கும் தேர் நிற்கக் கூடாது. ஆலை முன்னால் ஐம்பது மீட்டருக்கு மேளம் கூடாது. உயரம் பதினைந்து அடிக்கு மேல் போகக் கூடாது. எட்டு மணிக்குள் கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். எல்லாரும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போட்டார்கள். மேள நிபந்தனை மார்கரெட்டுக்குப் பிடிக்கவில்லை. சொன்னாள். யாரும் கேட்கவில்லை. அவளும் போட்டாள்.

தாலுகா ஆபீஸ் படியிறங்கும்போது அந்தோணிதாஸ் பின்னால் ஓடிவந்தார். மார்ட்டினைப் பற்றி ஏதாவது சொல்வார், ஒரு மன்னிப்புச் சொல்லாவது வரும் என்று அவள் நின்றாள்.

"பதினஞ்சடின்னா, கெரீடம் இன்னா ஆவறது?" என்றார் அவர். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "எங்கப்பன் பேரு போட்டுருக்குதும்மா அதுல."

மார்கரெட் பஸ்ஸைப் பிடித்தாள். வீட்டில் மார்ட்டின் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். நன்றிக் கடிதத்தைப் பற்றி அவள் அவனிடம் அதுவரை சொன்னதில்லை. அன்று சொன்னாள். அவன் கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தான்.

"தெரியும்," என்றான் பிறகு. "ஆஸ்பத்திரில வந்து பெருமையா படிச்சுக் காட்டிட்டுத்தான் போனான் அந்தோணிதாஸு." கத்தியைக் கீழே வைத்தான். "நீயா சொல்லுவன்னு இருந்தன்."

மறுநாள் காலை அவனே தேர்க்கொட்டகைக்குப் போய் கிரீடத்தைக் கழற்றினான். ஏணி ஏறாமல், கீழே உட்கார்ந்து, ஏறியவர்களை ஏவி ஏவி.

பத்தொன்பதாம் தேதி மாலை ஆறு ஐந்துக்குத் தேர் புறப்பட்டது. கைப்பட்டை கட்டிய நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். மீதி ஒன்பது பேருக்கு மார்கரெட் வரிசையாகப் போன் போட்டுத் திட்டினாள். ஊர் எல்லையில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார்கள். மேற்கே கல்வராயன் மலை கறுத்துக்கொண்டிருந்தது.

அறிவுச்செல்வன் தன் எதிர்ப்பைக் காட்ட ஆலையின் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தாராம். மின்வாரியம் ஆறரைக்கே கடைவீதி முழுவதும் இணைப்பைத் துண்டித்திருந்ததால், அதை ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது. நாலைந்து கடைகள் ஷட்டரை இறக்கியிருந்தன. மற்றவை திறந்தே இருந்தன. திருவிழாக் கூட்டத்தில் வியாபாரம் ஆகும் என்று தெரிந்தவர்களிடம் முறை, வழக்கம் எல்லாம் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கும்.

பூக்கடைத் தைலம்மாள் தன் கடை ஸ்டூலை மார்ட்டினுக்குப் போட்டிருந்தாள். முழுத் தூரம் அவனால் நடக்க முடியாது. ஆலை முன்னால் மேளம் நின்றது. அந்த ஐம்பது மீட்டருக்கும் சக்கரத்தின் உருட்டல் சத்தமும் அறுநூறு பேரின் காலடிச் சத்தமும் மட்டும் கேட்டன. மேளம் இருந்திருந்தால் இவ்வளவு கேட்டிருக்காது. ஜெனரேட்டர் விளக்கில் அம்பு பாய்ந்த செபஸ்தியார், கிரீடம் இல்லாமல், கம்பிகளுக்கு அடியில் தாராளமாகப் போனார்.

"பாத்துக்கினே இருக்கலாம் போலக்குதே," என்றாள் தைலம்மாள், ஒரு கை சாமந்தியைத் தேர்மேல் வீசி. "அப்பல்லாம் வரும். அப்பறம் ஏன் வராமப் போச்சு?"

மார்ட்டின் தடியை மடியில் கிடத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது. மார்கரெட் அவன் தோளில் கை வைத்தாள். அவனும் அதைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அவளுக்கு யார் மேலும் கோபம் இல்லை.

அப்போது தேர் நின்றது. பேருந்து நிறுத்தத்துக்குப் பத்தடி முன்னால், நிற்கவே கூடாத இடத்தில். முன்னால் அந்தோணிதாஸ் பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு வடத்தைப் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார். பக்கத்தில் ஆய்வாளரையும் கைநீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆய்வாளரும் தொப்பியைச் சரிசெய்தபடி நகர்ந்துகொண்டிருந்தார்.

மார்கரெட் செல்போனில் மணி பார்த்தாள். ஏழு இருபத்தொன்று. ஏழு பத்துக்குப் பேருந்து நிறுத்தத்தில் இருக்க வேண்டும்.

"பதினோரு நிமிஷம் லேட்டு!" என்று கத்திக்கொண்டே அவள் கூட்டத்தை விலக்கி முன்னால் ஓடினாள். "யோவ், இழுங்கய்யா!"